பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பங்குப் பட்டியலாகச் சுருக்குவது

தமிழ்நாட்டில் எழுதப்படும் பாகப்பிரிவினைப் பத்திரம் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகும். முதலில் பங்குதாரர்கள் 1, 2, 3 என்று லக்கமிடப்படுவார்கள். அடுத்து சொத்து பிதுரார்ஜிதமா, சுயார்ஜிதமா, குடும்பத்துக்கு எப்படி வந்தது என்ற வரலாறு இருக்கும். பிறகு யாருக்கு எந்தத் தபசில் என்ற பிரிப்பும், அதன் பின்னே பொது ஷரத்துகளும், கடைசியில் சர்வே எண்ணும் நான்கெல்லையும் கொண்ட தபசில்களும் வரும். இருபது பக்கப் பத்திரத்தில் ஒருவருடைய உரிமையை முழுதாகத் தெரிந்துகொள்ள ஐந்தாறு இடங்களைப் புரட்ட வேண்டியிருப்பதற்கு இந்த அமைப்பே காரணம். பத்திரம் சொத்து வாரியாக எழுதப்படுகிறது. படிப்பவருக்கு வேண்டியதோ ஆள் வாரியான விவரம். சுருக்குபவரின் வேலை இந்த வரிசையை மாற்றி அடுக்குவதுதான்.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். உயில் எழுதாமல் தந்தை இறந்துவிட்டார். தாய் 1 லக்கம், மூத்த மகன் 2, இளைய மகன் 3, மகள் 4. சொத்து தந்தையின் சுயார்ஜிதம் என்பதால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. ஒரே சர்வே எண்ணில் 3 ஏக்கர் 60 சென்ட் புஞ்சை இருக்கிறது. அதன் கிழக்குப் பாதியில் மோட்டாருடன் ஒரு கிணறு. ஊருக்குள் 5 சென்ட் மனையில் ஒரு வீடு. மேற்குப் பாதியான 1 ஏக்கர் 80 சென்ட் ‘அ’ தபசிலாக மூத்தவருக்கும், கிழக்குப் பாதி ‘ஆ’ தபசிலாக இளையவருக்கும், வீடு ‘இ’ தபசிலாக மகளுக்கும் ஒதுக்கப்படுகின்றன. நிலப் பாதிகள் தலா 20 லட்சம், வீடு 14 லட்சம் என்று மதிப்பிட்டதால், பங்குகளைச் சமன் செய்ய மகன்கள் ஆளுக்கு 2 லட்சம் ரூபாய் தங்கைக்குத் தர வேண்டும். தாய்க்குத் தபசில் கிடையாது.

இதில் முதலில் தவறிப்போவது தாயின் பங்கு. தபசில்களை மட்டும் பார்த்துப் பட்டியல் போடுபவர் மூன்று பேரோடு நிறுத்திவிடுவார். பத்திரத்தின் நடுவே, தாய் தம் கால் பங்குக்கு ஈடாக வீட்டின் தெற்கு அறையில் ஆயுள் வரை வசிக்கலாம் என்றும், மகன்கள் மாதந்தோறும் 5-ஆம் தேதிக்குள் தலா 3,000 ரூபாய் தர வேண்டும் என்றும் ஒரு பத்தி இருக்கும். இதை ‘வசிக்கும் உரிமை மட்டும்’ என்று குறுக்கக் கூடாது. ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாக ஒரு பெண் பெற்ற சொத்து, ஆவணத்தில் குறுகிய உரிமையாக எழுதப்பட்டிருந்தாலும், அந்தச் சட்டத்தின் 14-வது பிரிவுப்படி முழு உரிமையாக விரியக்கூடும் என்று துளசம்மா வழக்கில் 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த அறைக்கு அது பொருந்துமா என்பது வழக்கறிஞர் சொல்ல வேண்டியது. பட்டியலில் பத்திரத்தின் வாசகம் அப்படியே இருந்தால் போதும்.

அடுத்தது ஷரத்துகள். மூத்தவரின் நிலத்துக்குச் சாலை இல்லை. இளையவரின் நிலம் வழியாகத்தான் போக வேண்டும். பத்திரத்தில் அது இப்படி இருக்கும்: “ஆ தபசில் சொத்தின் வடபுறம் கிழமேல் நீளம் 300 அடி, தென்வடல் அகலம் 10 அடி உள்ள நடை, வண்டிப் பாதையை நம்மில் 2 லக்கமிட்டவர் அ தபசில் சொத்துக்குப் போகவர யாதொரு ஆட்சேபணையுமின்றி என்றென்றைக்கும் அனுபவித்துக்கொள்ள வேண்டியது.” இதில் ஒருவருக்கு உரிமை, இன்னொருவருக்குக் கட்டு. ஆகவே பட்டியலில் இது இரண்டு இடத்தில் வர வேண்டும்: மூத்தவர் பெயரின் கீழ் ‘கிடைப்பது’, இளையவர் பெயரின் கீழ் ‘கட்டுப்படுவது’. ஒரு பக்கம் மட்டும் எழுதிய பட்டியலே பின்னாளில் அண்ணன் தம்பி சண்டைக்கு வித்திடும். பாதையின் பரப்பு 3,000 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 7 சென்ட். ‘ஆ’ தபசில் 1 ஏக்கர் 80 சென்ட் என்பது பாதை உள்படவா, நீக்கியா என்று தபசிலின் கடைசி வரியைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த முறையில் இளையவரின் பதிவு இப்படி அமையும்:

3 லக்கம், இளைய மகன்
பங்கு: ‘ஆ’ தபசில், கிழக்குப் பாதி, 1 ஏக்கர் 80 சென்ட், பாதை உள்பட (பக்கம் 14)
கிடைப்பது: கிணறு, மோட்டாரில் சரிபாதி, திங்கள் முதல் புதன் வரை தண்ணீர் முறை (பக்கம் 9)
கட்டுப்படுவது: வடபுறம் 10 அடிப் பாதை, வியாழன் முதல் சனி வரை மூத்தவர் முறை, ஞாயிறு பற்றிப் பத்திரத்தில் இல்லை (பக்கம் 9)
தர வேண்டியது: தங்கைக்கு 2 லட்சம், பத்திரத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள், அதுவரை ‘ஆ’ சொத்தின் மேல் பொறுப்பு (பக்கம் 7). தாய்க்கு மாதம் 3,000 (பக்கம் 8)

பக்க எண்ணை விடக் கூடாது. பட்டியலில் ஐயம் வந்தால் மூலத்துக்குப் போக அதுதான் வழி. ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீரைப் போலப் பத்திரமே சொல்லாததையும் ‘இல்லை’ என்றுதான் எழுத வேண்டும். வழக்கம் இதுதானே என்று சுருக்குபவர் இட்டு நிரப்பினால் அது புது ஷரத்தாகிவிடும். பணத்தில் தேதியும் நிலையும் சேர வேண்டும்: மூத்தவரின் 2 லட்சம் கையெழுத்தன்றே ரொக்கமாகத் தரப்பட்டதாகப் பத்திரம் சொன்னால் அது ‘தீர்ந்தது’, இளையவருடையது ‘நிலுவை’.

‘தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியத்துடன்’ என்ற நீண்ட தொடரை ‘முழு உரிமை, விற்கலாம், தானம் தரலாம்’ என்று சுருக்கிக்கொள்ளலாம். ஆனால் இரண்டு பக்கம் தள்ளி, விற்பதானால் முதலில் மற்ற பங்குதாரர்களிடம் விலை சொல்ல வேண்டும் என்று ஒரு ஷரத்து இருக்கலாம். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் எதையும் தள்ளாமல், இரண்டையும் பக்க எண்ணோடு அருகருகே வைப்பதே முறை.

முடித்ததும் கூட்டிப் பார்ப்பது கட்டாயம். தபசில் பரப்புகளின் கூட்டுத்தொகை மொத்தச் சொத்தோடு பொருந்த வேண்டும். பட்டா ஹெக்டேரில் இருப்பதால் சிறு வேறுபாடு வரும்: 1.45.50 ஹெக்டேர் என்பது 3 ஏக்கர் 59½ சென்ட். அரை சென்ட் அளவு மாற்றத்தில் வருவது. ஐந்து சென்ட் குறைந்தால் ஏதோ ஒரு துண்டு யாருக்கும் ஒதுக்கப்படாமல் விடுபட்டிருக்கிறது. கடனும் அப்படியே: தந்தையின் கூட்டுறவு சங்கக் கடன் 1,20,000 என்றால் மகன்களின் பதிவுகளில் தலா 60,000 இருக்க வேண்டும். அசல் பத்திரம் யாரிடம், மற்றவர்கள் கேட்டால் காட்ட வேண்டுமா என்ற வரியும் தனியே வேண்டும். அது யாருடைய தபசிலிலும் வராததால் எளிதில் நழுவும்.

பட்டியலில் பங்குதாரர்கள் கையெழுத்துப் போடக் கூடாது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்தைப் பிரிக்கும் ஆவணம் பதிவாக வேண்டும். கையெழுத்திட்ட பட்டியல் இன்னொரு பாகப்பிரிவினை போலத் தோற்றம் தந்து, பதிவான பத்திரத்தோடு முரண்பட்டால் குழப்பத்தையே கூட்டும். தலைப்பில் பத்திர எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம் ஆகியவற்றை எழுதி, ‘வாசிப்புக்கு மட்டும், பத்திரமே செல்லும்’ என்று குறித்துவிடலாம். பட்டா உட்பிரிவு ஆகிவிட்டதா என்பதைப் பத்திரத்தைக் கொண்டு எழுத முடியாது. அது வருவாய்த் துறைப் பதிவேட்டில் தனியே பார்த்துச் சேர்க்க வேண்டிய விவரம்.