புள்ளி சமம் என்றால் சாம்பியன் யார்?

இங்கிலாந்து பிரீமியர் லீகின் 2011-12 சீசன் முடிந்தபோது மான்செஸ்டர் சிட்டியும் மான்செஸ்டர் யுனைடெடும் ஒரே கணக்கில் நின்றன. இரண்டுக்கும் 38 ஆட்டங்கள், 28 வெற்றி, 5 டிரா, 5 தோல்வி, 89 புள்ளிகள். கோப்பை சிட்டிக்குப் போனது. அதை முடிவு செய்தது புள்ளிப் பட்டியலின் இரண்டாவது படி, கோல் வித்தியாசம்.

அந்தப் பட்டியல் வேலை செய்யும் விதம் இதுதான். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1, தோல்விக்கு ஒன்றும் இல்லை. ஓர் அணி அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்தால் கிடைப்பது கோல் வித்தியாசம். முதலில் புள்ளியைப் பார்த்து அணிகளை வரிசைப்படுத்துவார்கள். புள்ளி சமமாக இருந்தால் மட்டும் கோல் வித்தியாசம். அதுவும் சமமாக இருந்தால் மட்டும் மொத்தம் அடித்த கோல்கள். ஒரு படியிலேயே விஷயம் தீர்ந்துவிட்டால் அடுத்த படியைத் தொடுவதே இல்லை. எத்தனை கோல் மழை பொழிந்த அணியானாலும், ஒரு புள்ளி குறைந்தால் கீழேதான்.

2012 மே 13, கடைசி நாள். இரு அணிகளும் 86 புள்ளிகளோடு களமிறங்கின. கோல் வித்தியாசம் சிட்டிக்கு +63, யுனைடெடுக்கு +55. சிட்டி தன் சொந்த மைதானத்தில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸை எதிர்கொண்டது. யுனைடெட் அதே நேரத்தில் சண்டர்லேண்டில் ஆடியது. இரு ஆட்டங்களும் இப்படியே முடிந்தால் யார் முதலிடம் என்று, ஒவ்வொரு கோலுக்கும் பட்டியலைப் புதிதாகப் போட்டுப் பார்க்கலாம்.

கோல் எதுவும் விழாதவரை இரண்டுக்கும் 87. கோல் வித்தியாசத்தால் சிட்டி மேலே. 20வது நிமிடத்தில் வேய்ன் ரூனி கோல் அடித்தார். யுனைடெட் 89, சிட்டி 87, யுனைடெட் மேலே. 39வது நிமிடத்தில் சிட்டியின் சபலெட்டா அடித்ததும் இரண்டுக்கும் 89 ஆனது. சிட்டி +64, யுனைடெட் +56. மறுபடி சிட்டி மேலே. இடைவேளைக்குப் பிறகு ரேஞ்சர்ஸ் இரண்டு கோல் அடித்துவிட்டது. சிட்டியின் கணக்கு 87 ஆகி, பிறகு 86க்கே இறங்கியது. 90 நிமிடம் தாண்டிய பிறகு எடின் ஜெக்கோ ஒரு கோல் அடித்து 2-2 ஆக்கினார். சிட்டிக்கு ஒரு புள்ளி கூடி 87 ஆனது. ஆனால் இடம் மாறவில்லை. அங்கே சண்டர்லேண்டில் யுனைடெட் 1-0 என வென்று ஆட்டத்தையே முடித்துவிட்டது. அதன் பிறகு செர்ஜியோ அகுவேரோ மூன்றாவது கோலை அடித்தார். சிட்டி 89, +64. நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு முதல் டிவிஷன் பட்டம் சிட்டிக்கு வந்தது.

எல்லோர் நினைவிலும் நிற்பது அந்தக் கோல்தான். ஆனால் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் அதே அளவு தீர்மானமான இன்னொரு நாள் தெரியும்: 2011 அக்டோபர் 23. அன்று யுனைடெடின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்திலேயே சிட்டி 6-1 என்று வென்றது. போட்டியாளர்கள் நேருக்கு நேர் மோதும்போது ஒரு கோல் இரண்டு கோலுக்குச் சமம். ஒருவருக்கு ஒன்று கூடும்போதே மற்றவருக்கு ஒன்று குறைகிறது. அந்த ஐந்து கோல் வெற்றி, இருவருக்கும் இடையிலான கணக்கைப் பத்து கோல் தூரம் நகர்த்தியது.

சீசன் முடிவில் சிட்டி 93 கோல் அடித்து 29 வாங்கியிருந்தது. யுனைடெட் 89 அடித்து 33 வாங்கியிருந்தது. இப்போது அந்த 6-1 ஆட்டத்தை எடுத்துவிட்டு, சிட்டி 1-0 என்று வென்றதாக வைத்துப் பாருங்கள். சிட்டி அடித்தது ஐந்து குறைந்து 88, வாங்கியது ஒன்று குறைந்து 28. யுனைடெட் அடித்தது ஒன்று குறைந்து 88, வாங்கியது ஐந்து குறைந்து 28. இரண்டுக்கும் 89 புள்ளி, +60, 88 கோல்! மூன்று படியிலும் சமம். 2-1 என்று வைத்தாலும் இதே சமநிலைதான் வரும். அக்டோபரில், ஏற்கெனவே ஜெயித்துவிட்ட ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் சிட்டி தேவையில்லாமல் அடித்ததாகத் தோன்றிய கோல்களும் மே மாதத்தில் கணக்கில் நின்றன. கோல் வித்தியாசத்தை இரண்டாவது படியில் வைக்கும் லீகில் எந்தக் கோலும் வீணில்லை.

ஸ்பெயினின் லா லிகாவில் படிகள் வேறு. அங்கே புள்ளி சமமானால் அடுத்துப் பார்ப்பது அந்த அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை. 2006-07 சீசனில் ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் 76 புள்ளிகளில் முடித்தன. பார்சிலோனாவின் கோல் வித்தியாசம் +45, ரியலுக்கு +26 மட்டுமே. இங்கிலாந்து விதி என்றால் பட்டம் பார்சிலோனாவுக்கு. ஆனால் நேரடி மோதலில் ரியல் ஒன்றை 2-0 என வென்று, மற்றதை 3-3 என டிரா செய்திருந்தது. ரியல்தான் சாம்பியன். முடிவுகள் அப்படியே இருக்க, படிகளின் வரிசை மாறினால் சாம்பியனே மாறிவிடுகிறார்.

நேரடி மோதல் விதியில் ஒரு சிக்கல் உண்டு. மூன்று அணிகள் சமமாகிவிட்டால் இருவர் இருவராக ஒப்பிட முடியாது. அவை தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் பிரித்தெடுத்து ஒரு குட்டிப் பட்டியல் போட வேண்டும். உதாரணத்துக்கு, 'அ' அணி 'ஆ' அணியை ஒரு ஆட்டத்தில் வென்று இன்னொன்றை டிரா செய்திருக்கிறது. இரண்டும் மட்டும் சமமாக நின்றால் 'அ' மேலே. இப்போது 'இ' அணி ஒரு வெற்றி பெற்று அவற்றோடு வந்து சேர்கிறது. 'இ'யிடம் 'அ' இரண்டு முறை தோற்றிருக்கிறது. 'ஆ' அதை இரண்டு முறை வென்றிருக்கிறது. குட்டிப் பட்டியலில் 'ஆ' 7, 'இ' 6, 'அ' 4. அன்று 'அ'வும் 'ஆ'வும் பந்தையே தொடவில்லை; ஆனாலும் அவற்றின் இடம் தலைகீழாகிவிட்டது.

ஒரு ஆட்டம் முடிந்ததும் ஆடிய இரண்டு அணிகளின் வரிசையை மட்டும் திருத்தினால் போதாது என்பது இதனால்தான். நிலையாக வைத்திருக்க வேண்டியது ஆட்ட முடிவுகளை. பட்டியலை ஒவ்வொரு முறையும் அவற்றிலிருந்து முழுதாகக் கட்ட வேண்டும். அப்படிச் செய்தால், பிற்பாடு ஒரு முடிவு திருத்தப்பட்டாலும் பழைய தப்பு எங்கும் ஒட்டிக்கொண்டிருக்காது.

உள்ளூர் லீகுக்குப் பட்டியல் போடுபவர்கள் அதைச் சரிபார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. எல்லா அணிகளின் கோல் வித்தியாசத்தையும் கூட்டிப் பாருங்கள்; பூஜ்யம் வர வேண்டும். ஒருவர் அடித்த கோல் இன்னொருவர் வாங்கிய கோல்தானே. புள்ளிகளின் கூட்டுத்தொகை, ஆட்டங்களின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி, டிராக்களின் எண்ணிக்கையைக் கழித்தால் வருவதோடு பொருந்த வேண்டும். இவை பொருந்தாவிட்டால் பதிவில் எங்கோ தவறு இருக்கிறது. பொருந்தினாலும் வரிசை சரி என்று ஆகிவிடாது. அதற்கு அந்த லீகின் விதிப் புத்தகத்தில் படிகள் எந்த வரிசையில் எழுதப்பட்டுள்ளன என்பதை சீசன் தொடங்கும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.