சுமை அமுக்குச்சா, சோறு குறைஞ்சுதா?

மன்னார்குடி, திருவாரூர் பக்கம் வயசான விவசாயக் கூலிக்காரங்ககிட்ட பேசினா இப்படி ஒரு பேச்சு காதுல விழும்: "பத்து வயசுலயே நாத்துமுடி சுமந்தேன். அதான் வளத்தி நின்னுபோச்சு."

அவங்க சொல்றதுல பாதி உண்மை. எந்தப் பாதின்னு இன்னைக்குப் பார்ப்போம்.

நாத்தங்கால்ல பறிச்ச நாத்தை முடி முடியா கட்டி, தண்ணி சொட்டச் சொட்டத் தலையில வச்சு, வழுக்குற வரப்புல நடந்து நடவு வயலுக்குக் கொண்டு போகணும். அந்த கனம் முதுகெலும்பை அமுக்கத்தான் செய்யும். எலும்புகளுக்கு நடுவுல இருக்குற வட்டுகள்ல இருந்து தண்ணி கொஞ்சம் வெளியேறும். சும்மா நடமாடிக்கிட்டிருந்தாலே சாயங்காலம் நம்ம உயரம் ஒரு சென்டிமீட்டர் போல குறைஞ்சிருக்கும். ராத்திரி படுத்துத் தூங்கினா அது திரும்ப வந்துடும்.

எலும்பு நீளமாகுறது அதோட முனைக்குப் பக்கத்துல இருக்குற வளர்ச்சித் தட்டுலதான். அது குருத்தெலும்பு. சுமை தூக்குறதால மட்டும் அது மூடிக்கிறதில்லை. கீழே விழுந்து அந்தத் தட்டுலயே முறிவு வந்தா, அந்த ஒரு எலும்பு குட்டையாகலாம். ஆனா ஆளே குள்ளமாகுறதுக்குக் காரணம் வேற.

ஒரு கணக்குப் போடுவோம். பன்னிரண்டு வயசு, முப்பது கிலோ பையன். சும்மா படுத்திருந்தாலே அவன் உடம்புக்கு மணிக்கு ஏறக்குறைய 50 கலோரி வேணும். பள்ளிக்கூடத்துல உக்கார்ந்திருந்தா அதுல ஒன்றரை மடங்கு. வயல்ல சுமந்தா நாலு மடங்கு. ஆறு மணி நேரம் வேலை செஞ்சா, பள்ளிக்கூடம் போற பையனைவிட 750 கலோரி கூடுதலா செலவாகும். அதை ஈடுகட்ட 200 கிராமுக்கு மேல அரிசி வேணும். நம்ம பக்கத்து அளவுல ஏறக்குறைய ஒன்றரை ஆழாக்கு.

வளர்றதுக்கு மட்டும் எவ்வளவு வேணும்? அந்த வயசுல வருஷத்துக்கு நாலு கிலோ எடை ஏறுதுன்னு வச்சுக்கிட்டா, ஒரு நாளைக்கு இருபது, இருபத்தஞ்சு கலோரிதான். பாதி இட்லி! அதுகூடவா கிடைக்கலைன்னு தோணும். ஆனா உடம்பு இதைக் கஞ்சன் மாதிரி பார்க்குது. வரவைவிட செலவு அதிகமாச்சுன்னா, கல்லீரல் வளர்ச்சிக்கான ஹார்மோனைக் குறைச்சுடும். இதயமும் மூளையும் நிக்கக் கூடாது, வளர்ச்சி காத்திருக்கலாம்னு அது முடிவு பண்ணிடுது.

இப்போ டெல்டாவோட நாட்காட்டியைப் பாருங்க. சம்பா நடவு ஆவணி, புரட்டாசியில. அறுவடை தையில. நடவுல வேலை உச்சம். ஆனா போன அறுவடையில கூலியா வந்த நெல்லு அதுக்குள்ள தீர்ந்திருக்கும். அந்தக் காலத்துல பண்ணையாள் வீடுகள்ல குடும்பமே மிராசுதாருக்கு வேலை செஞ்சது. சின்னப் பையன் மாடு மேய்ச்சான், சாணி அள்ளினான். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952லதான். வெறுங்கால்ல நடக்குற பிள்ளைக்குக் கொக்கிப்புழு வேற. அது குடல்ல ரத்தத்தை உறிஞ்சும். சாப்பிட்ட சோத்துலயும் ஒரு பங்கு வீணாகும்.

ஹைதராபாத்ல இருக்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், அந்த ஊரைச் சுத்தியிருக்குற கிராமப் பையன்களை அஞ்சு வயசுல இருந்து பெரியவங்க ஆகுறவரை தொடர்ந்து அளந்தது. 1986ல முடிவு வந்துச்சு. சின்ன வயசுலயே வேலைக்குப் போனவங்க உயரத்துலயும் எடையிலயும் பின்தங்கியிருந்தாங்க. ஆனா அஞ்சு வயசுலயே குட்டையா இருந்தவங்க, பெரியவங்களானப்பவும் பெரும்பாலும் குட்டைதான். முதல் ரெண்டு, மூணு வருஷத்துப் பசி அடித்தளம் போட்டுடுது. வேலை அதுமேல ஏறுது. வறுமைப்பட்ட வீட்டுப் பிள்ளைதானே வேலைக்குப் போகுது? அதனால ரெண்டையும் முழுசா பிரிச்சுக் காட்டுறது கஷ்டம்.

ஆனா உடம்புல ஒரு தடயம் இருக்கு. சுமைதான் அமுக்கியிருந்தா முதுகு குட்டையாகியிருக்கணும். சின்ன வயசுப் பசியில அதிகமா குறையுறது கால் நீளம். அந்த வயசுல வேகமா வளர்றது கால்தான். ஒரு தனி ஆளை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. பல பேரை அளந்தா தெரியும்.

சத்துக் குறைஞ்ச பிள்ளைகள் வயசுக்கு வர்றதும் தள்ளிப்போகும். வளர்ச்சித் தட்டு மூட இன்னும் ரெண்டு, மூணு வருஷம் கிடைக்கும். அந்த நேரத்துல வேலை நின்னு சோறு கிடைச்சா, விட்டதுல கொஞ்சம் பிடிக்கலாம், முழுசா இல்லை. 1982ல வந்த சத்துணவும், 2023 ஆகஸ்ட்ல திருக்குவளையில விரிவாக்கிய காலை உணவும் அந்த 750 கலோரிக் கணக்கோட வரவுப் பக்கத்துலதான் வருது.

உங்க வீட்டுலயே பார்க்கலாம். அஞ்சு வயசுக்கு மேல, வயசுக்கு வர்றதுக்கு முன்னாடி, பிள்ளை வருஷத்துக்கு அஞ்சு, ஆறு சென்டிமீட்டர் வளரும். செவுத்துல பென்சிலால ஒரு கோடு போடுங்க, அடுத்த வருஷமும் போடுங்க. நாலுக்குக் கீழே போனா டாக்டர்கிட்ட காட்டுங்க. கோடு ரெண்டையும் காலையிலயே போடணும். ஒண்ணை மட்டும் சாயங்காலம் போட்டா, வட்டு அமுங்கின அந்த ஒரு சென்டிமீட்டர் கணக்கைக் கெடுத்துடும்.