கூண்டில் துக்ளக்

வழக்காடு மன்றத்துக்கு ஏற்ற வழக்கு: 1330 வாக்கில் டெல்லி சுல்தான் முகமது பின் துக்ளக், பித்தளை, செப்புக் காசுகளை வெள்ளி டங்காவுக்குச் சமமாக்கியது குற்றமா?

வாதி வக்கீல்: "கனம் நீதிபதி அவர்களே! அந்தக் காசை வீட்டிலேயே அடித்தார்கள், அதிலேயே வரியும் கட்டினார்கள். வணிகர்கள் வாங்க மறுத்தார்கள். கள்ளக்காசைத் தடுக்க வழி செய்யாதது சுல்தானின் குற்றம்."

பிரதிவாதி வக்கீல்: "சீனாவில் காகிதப் பணமே செல்லுபடியானது. இங்கே தோற்றதும், காசைத் திரும்பப் பெற்று வெள்ளி கொடுத்தாரே!"

வாதி வக்கீல்: "கள்ளக்காசுக்கும் கொடுத்தார். அந்த வெள்ளி குடிமக்களின் வரிப்பணம்!"

நடந்ததை இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன. பொறுப்பு யாருடையது என்பதில்தான் வழக்கு நிற்கிறது. தீர்ப்பை அவையோரே சொல்லட்டும்.