தாம்பரத்தில் இறங்குபவருக்கு ஒரு கடிதம்

சனிக்கிழமை காலை 9 மணிக்கு இன்டர்வியூ. வேலை சென்னை கிண்டி தொழிற்பேட்டையில். விண்ணப்பித்தவர் இருப்பது திருநெல்வேலியில். கால் லெட்டர் வியாழக்கிழமை மாலை 6 மணிக்கு அவருடைய மின்னஞ்சலுக்குப் போகிறது. "முழுசா ஒரு நாள் இருக்கே, போதாதா?" என்று அனுப்பியவர் கேட்பார். நானும் அப்படிக் கேட்டவன்தான். ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் ஆட்களைக் கூப்பிடும் கடிதங்களைப் பல வருடங்கள் நான்தான் எழுதினேன்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அவர் வெள்ளி இரவு ரயில் ஏற வேண்டும். முன்பதிவு எப்போதோ நிரம்பியிருக்கும். தட்கல் என்பது ரயில் புறப்படும் நாளுக்கு முந்தின நாள் காலையில் திறப்பது: ஏ.சி. வகுப்புக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. அதாவது நம் கடிதம் போய்ச் சேர்வதற்கு ஏழு மணி நேரம் முன்பே, அதே வியாழன் காலையில், தட்கலும் திறந்து தீர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பது ஆம்னி பஸ், வெள்ளிக்கிழமைக் கட்டணத்தில். அதே கடிதம் செவ்வாய் மாலை போயிருந்தால் வியாழன் காலை தட்கலுக்கு உட்காரவாவது அவரால் முடிந்திருக்கும். வெளியூர்க்காரருக்கு ஒரு வாரம் முன்பே எழுதுவது நல்லது. முடியாவிட்டால் தட்கல் திறக்கும் காலைக்கு முந்தின நாளாவது கடிதம் போய்ச் சேர வேண்டும்.

நேரத்தையும் இப்படித்தான் பின்னாலிருந்து எண்ண வேண்டும். தெற்கிலிருந்து இரவில் கிளம்பும் ரயில்கள் பல விடியும் வேளையில் தாம்பரம் வருகின்றன. முகம் கழுவி, உடை மாற்றி, ஒரு காபி குடித்து, புறநகர் ரயில் பிடித்துக் கிண்டிக்கு வர வேண்டும். ரயில் ஒரு மணி நேரம் தாமதமானாலும் தாங்கும் நேரம் காலை 11. உள்ளூர்க்காரர்களை 9 மணிக்கும் வெளியூர்க்காரர்களை 11 மணிக்கும் அழைத்தால் எல்லாரையும் காலையிலேயே குவித்து உட்காரவைக்கும் வேலையும் குறையும்.

வழி சொல்லும் பத்தியைப் பெரும்பாலான அலுவலகங்கள் பழைய கடிதத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுகின்றன. "கோயம்பேட்டில் இறங்கவும்" என்று நான் வைத்திருந்த வரி அப்படிப்பட்டதுதான். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென் மாவட்டப் பேருந்துகள் அங்கே மாறிவிட்டன. அது வண்டலூருக்குப் பக்கம். பழைய வரியை நம்பி ஒருவர் கிளாம்பாக்கத்திலிருந்து கோயம்பேடு போய், அங்கிருந்து கிண்டிக்குத் திரும்பினால் வந்த வழியிலேயே கொஞ்ச தூரம் மறுபடி நடந்த கதை. ரயிலில் வருபவருக்கு ஒரு வரி, பஸ்ஸில் வருபவருக்கு ஒரு வரி என்று பிரித்து எழுத வேண்டும். எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்திலேயே இறங்கலாம் என்பது சென்னை தெரிந்த நமக்குச் சாதாரண விஷயம். முதல் முறை வருபவருக்கு அதை யாராவது சொன்னால்தான் தெரியும்.

கடைசி அரை கிலோமீட்டர்தான் ஆளைக் கவிழ்ப்பது. கிண்டி ரயில் நிலையத்தில் ரேஸ் கோர்ஸ் பக்கமும் வெளியே வரலாம், ஜி.எஸ்.டி. சாலைப் பக்கமும் வரலாம்; எந்தப் பக்கம் என்று சொல்லாவிட்டால் ஆட்டோக்காரருக்கு லாபம். தொழிற்பேட்டையின் சில மூலைகளுக்கு ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோவே கிட்டம். வாட்ஸாப் லொக்கேஷன் அனுப்பினால் போதும் என்பார்கள். எங்கள் புள்ளி போய் விழுந்தது பின்பக்கம், சரக்கு லாரி நுழையும் கேட்டில். அது சனிக்கிழமை பூட்டியிருக்கும். ஆகவே நானே ஒரு நாள் ஸ்டேஷனிலிருந்து நடந்து போய், கண்ணில் பட்ட டீக்கடை, டிரான்ஸ்ஃபார்மர், நீலக் கேட் என்று குறித்து எழுதினேன்.

அடுத்தது, உள்ளே என்ன நடக்கும் என்பது. "நேர்முகத் தேர்வுக்கு வரவும்" என்று மட்டும் போட்டால், வருபவர் இருபது நிமிடப் பேச்சு என்று நினைத்து வருவார். தர ஆய்வாளர் வேலைக்கு எங்கள் தேர்வு மூன்று கட்டம்: வரைபடம் படித்து விடை எழுத அரை மணி, பட்டறையில் வெர்னியரும் மைக்ரோமீட்டரும் கொடுத்து ஒரு பாகத்தை அளக்கச் சொல்வது அரை மணி, பிறகுதான் பேச்சு. ஒரு முறை டிப்ளமோ படித்த தம்பி ஒருவர் எழுத்துத் தேர்வை நன்றாக எழுதினார். பட்டறை வாசலில் சூபர்வைசர் அவர் காலைப் பார்த்தார். செருப்பு. உள்ளே விட முடியாது என்பது விதி. ஷூ போட்டு வரும்படி நாங்கள் எழுதவில்லை, அவர் போட்டு வரவில்லை. கடன் ஷூ தேடியதில் முக்கால் மணி நேரம் போனது. அதற்குள் அவர் முகம் வெளுத்துவிட்டது. மதியம் 2 மணி வரை ஆகும், சாப்பாடு கேண்டீனில் உண்டு என்பதையும் அன்றிலிருந்து சேர்த்தேன். திரும்பும் டிக்கெட்டை எத்தனை மணிக்குப் போடுவது என்று அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.

குழுவில் யார் யார் என்று எழுதுவதில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. பதவியைச் சொல்ல வேண்டும், பெயரைச் சொல்ல வேண்டாம். "தரக் கட்டுப்பாட்டு மேலாளர், உற்பத்திப் பொறியாளர், நிர்வாக அலுவலர் ஆகிய மூவர்" என்றால் எதைப் படித்து வருவது என்று அவருக்குப் புரிந்துவிடும். பெயரைப் போட்டால் அன்று மாலைக்குள் அந்த மேலாளருக்கு ஒன்றுவிட்ட மாமா மூலம் சிபாரிசு போன் வரும். பெயர் வேண்டியது ஒருவருக்குத்தான்: சந்தேகம் கேட்கவும் தேதி மாற்றவும் கூப்பிட வேண்டியவர். இன்னொரு வரியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: எந்த மொழியில் பேச்சு? "கேள்விகள் தமிழில் இருக்கும், நீங்கள் தமிழிலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்லலாம்." இந்த ஒரு வரி இல்லாததால், தெரிந்ததைச் சொல்ல ஆங்கிலம் தேடித் திணறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சான்றிதழ் பட்டியலில் கூட்டுவதைவிடக் கழிப்பது கஷ்டம். "எல்லா அசல் சான்றிதழ்களும்" என்று எழுதினால் ஊரிலிருந்து ஒரு கோப்பு மூட்டையே வரும், அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ராத்திரி தூங்காமல் வருவார். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், டிப்ளமோ மதிப்பெண் பட்டியல், டிப்ளமோ சான்றிதழ் அல்லது அது வராவிட்டால் புரொவிஷனல், அடையாள அட்டை ஒன்று. இவற்றின் அசலும் அவரே கையெழுத்திட்ட ஒரு செட் நகலும் போதும். அசலைப் பார்த்து அங்கேயே திருப்பித் தருவோம் என்று எழுதிவிட வேண்டும். வாங்கி வைத்துக்கொள்வார்களோ என்ற பயம் நியாயமானது. இப்போது வேறிடத்தில் வேலை பார்ப்பவரிடம் ரிலீவிங் லெட்டர் கேட்பது அபத்தம். ராஜினாமா செய்த பிறகுதானே அது கிடைக்கும். வங்கிக் கணக்கு விவரம் வேலை கொடுத்த பிறகு கேட்டால் போதும்.

டிஜிலாக்கரில் இருந்தால் போதும் என்றும் ஒரு வருடம் எழுதினேன். வந்தவர்களின் செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். கேமரா உள்ள போன் உள்ளே போகக் கூடாதாம். சான்றிதழ் கேட்டில், ஆள் மாடியில். அந்த வரியை எடுத்துவிட்டேன்.

எந்தக் கட்டத்திலும் பணம் கட்டத் தேவையில்லை என்பது கட்டாயம் இருக்க வேண்டிய வரி. டெபாசிட், பதிவுக் கட்டணம் என்று கேட்கும் போலி அழைப்புகள் நிறைய சுற்றுகின்றன. கடிதம் நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சலிலிருந்து போக வேண்டும். கீழே லேண்ட்லைன் எண் இருந்தால் வீட்டில் அப்பா கூப்பிட்டு விசாரித்துக்கொள்வார்.

கடிதம் போனதோடு வேலை முடியவில்லை. வெள்ளி மாலை, பெயர்ப் பட்டியலின் ஒரு நகலை நைட் ஷிப்ட் காவலாளியின் கையில் கொடுத்து, காலையில் மாறும்போது அடுத்தவரிடம் ஒப்படைக்கச் சொல்ல வேண்டும். ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்தவரிடம் கேட்டில், "இன்னைக்கு லீவு, இன்டர்வியூலாம் ஒண்ணும் இல்ல தம்பி" என்று திருப்பி அனுப்பியது எங்கள் இடத்தில் ஒரு முறை நடந்திருக்கிறது. பஸ் ஸ்டாப்பிலிருந்து அவர் கூப்பிட்டார், நான் ஓடினேன்.