நாலு பக்கம் ஒரு பக்கமாகும்போது

கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் விளக்கத்துக்காக வைப்பவை. நிலைமை மட்டும் எந்த ஆலையிலும் காணக்கூடியது. மின்கட்டணம் ஏறிக்கொண்டே போகிறதென்று எரிசக்தித் தணிக்கை நடக்கிறது. தணிக்கையாளர்கள் 90 பக்க அறிக்கை தருகிறார்கள். அதன் முகப்பில் நாலு பக்கத்துக்கு ‘எக்ஸிகியூட்டிவ் சம்மரி’. நிர்வாக இயக்குநர் படிக்கப்போவது அந்த நாலு பக்கத்தை மட்டும்தான். அதையும் முழுதாகப் படிப்பார் என்று சொல்வதற்கில்லை.

முதல் பக்கத்தில் ஆலையின் வரலாறு, தணிக்கை நடந்த தேதிகள், பயன்படுத்திய கருவிகள், ஒத்துழைத்தவர்களுக்கு நன்றி. இரண்டாம் பக்கத்தில் விளக்குகள், மோட்டார்கள், ஈரப்பதக் கருவி என்று வரிசையாகக் கவனிப்புகள். மூன்றாம் பக்கத்தின் நடுவில் கம்ப்ரெசர் வருகிறது. நான்காம் பக்க அட்டவணையில் 11 பரிந்துரைகள். அதில் ஏழாவது இப்படி இருக்கிறது: “காற்றுக் கசிவுகளைச் சரிசெய்வது பரிசீலிக்கப்படலாம், அதன் பிறகு புதிய கம்ப்ரெசரின் அவசியம் மறு ஆய்வுக்கு உட்படுத்தப்படலாம்.”

இயக்குநரின் மேசையிலோ 42 லட்சம் ரூபாய்க்குப் புதிய கம்ப்ரெசர் வாங்கும் ஆர்டர் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. அவர் மனதில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இதை வாங்கவா, வேண்டாமா? பதில் ஏழாவது வரிசையில், இரண்டு ‘படலாம்’களுக்குள் ஒளிந்திருக்கிறது.

இதைச் சுருக்கப்போகிறவர் பெரும்பாலும் முதலில் செய்வது வாக்கியங்களைச் சீவுவது. இங்கே ஓர் அடைமொழி, அங்கே ஒரு தொடர். நாலு பக்கம் மூன்றாகும். அதற்கு மேல் இறங்காது. பிறகு எழுத்தின் அளவைக் குறைப்பார், ஓரத்தை ஒடுக்குவார். படிக்கிறவர் கண்ணாடியைத் தேடுவதுதான் மிச்சம். படிக்க வசதியான எழுத்தில் ஏ4 தாள் ஒன்றில் தமிழில் ஏறத்தாழ 300 சொற்கள்தான் கொள்ளும். அந்த எல்லையை ஏற்றுக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

முதல் வேலை, அந்த நாலு பக்கத்தை மூடி வைப்பது. வெறுந்தாளில், இயக்குநர் எதிரே நிற்பதாக எண்ணி, அவர் எதில் கையெழுத்திட வேண்டும் என்று எழுத வேண்டும். யார், என்ன, எவ்வளவு செலவில், எப்போதைக்குள் என்ற நாலும் அதில் இருக்க வேண்டும். எழுத வரவில்லையென்றால் அறிக்கையில் முடிவே இல்லை என்று பொருள். சுருக்குவதற்கு முன் தணிக்கையாளரிடம் கேட்டாக வேண்டும். ‘பரிசீலிக்கப்படலாம்’ என்றால் செய்யச் சொல்கிறீர்களா, இல்லையா என்று நேராகவே கேட்கலாம். ஆலோசகர்கள் இந்தச் சொல்லைப் பழக்கத்தால் எழுதுகிறவர்கள். வாய்விட்டுக் கேட்டால், “அட, கண்டிப்பாகச் செய்யணும் சார்” என்று சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது ஆதாரம். ஒவ்வொரு பத்தியையும் விரலால் மறைத்துப் பார்த்து, இது இல்லையென்றால் இயக்குநரின் முடிவு மாறுமா என்று கேட்க வேண்டும். ஆலையின் வரலாறு அவருக்குத் தெரிந்ததுதான், அவருடைய தாத்தா கட்டிய ஆலை. கருவிகளின் பெயர்கள் பின்னிணைப்புக்குப் போகட்டும். நன்றியும் அப்படியே. விளக்கு, மோட்டார் பற்றிய மற்ற பத்துப் பரிந்துரைகளும் நல்லவைதான், ஆனால் அவற்றை அடுத்த மாதம் செய்தாலும் ஒன்றும் ஆகாது. “மற்ற 10 பரிந்துரைகள் அறிக்கையின் 61ஆம் பக்கத்தில்” என்ற ஒரு வரி போதும். எழுதியவருக்கு மனம் வலிப்பது இங்கேதான். தாம் பாடுபட்டுச் சேகரித்ததெல்லாம் தலைவர் கண்ணில் பட வேண்டும் என்ற ஆசைதான் பாதிச் சுருக்கங்களை நாலு பக்கமாக்குகிறது.

மறைத்துப் பார்த்தால் முடிவை மாற்றும் பத்தி ஒன்று நிற்கும். விடுமுறை நாளில் எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டுக் கம்ப்ரெசரை மட்டும் ஓட விட்டிருக்கிறார்கள். காற்றைப் பயன்படுத்த யாருமில்லை. ஆனாலும் கசிவை ஈடுகட்ட அது திரும்பத் திரும்ப லோடாகிறது. எவ்வளவு நேரம் லோடில் ஓடியது என்று குறித்துக்கொண்டால் கசிவைக் கணக்கிட்டுவிடலாம். அப்படிக் கிடைத்தது, வழக்கமான நாளில் உற்பத்தியாகும் காற்றில் 28 சதவீதம். கடைசியில் இருக்கும் ஆட்டோகோனர்களுக்குக் காற்றழுத்தம் போதாமல் போவது இதனால்தான். கம்ப்ரெசர் சிறியதாக இருப்பதால் அல்ல. இந்தப் பத்தியை ஒருபோதும் வெட்டக்கூடாது.

இவ்வளவும் செய்தால் பக்கத்தின் தலைப்பகுதி இப்படி அமையும்:

“புதிய கம்ப்ரெசருக்கான 42 லட்சம் ரூபாய் ஆர்டரை இப்போது நிறுத்திவைக்க வேண்டும். அதற்குப் பதிலாக, காற்றுக் குழாய்க் கசிவுகளைப் பராமரிப்புப் பிரிவு மார்ச் இறுதிக்குள் அடைக்க 6 லட்சம் ரூபாய் ஒப்புதல் தேவை. கசிவு 28 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்குக் குறைந்தால் ஆண்டுக்குச் சுமார் 18 லட்சம் ரூபாய் மின்கட்டணம் மிச்சமாகும். இது இப்போதுள்ள இயந்திரங்களுக்கு மட்டுமே பொருந்தும். புதிய ஆட்டோகோனர்கள் வந்தால் காற்றுத் தேவையை மறுபடி கணக்கிட வேண்டும்.”

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். மூல அறிக்கையில் அது 74ஆம் பக்கத்து அடிக்குறிப்பு. சுருக்குகிறவர் கைக்கு முதலில் அகப்பட்டு வெட்டுப்படுவது இந்த மாதிரி வாக்கியம்தான். அது போனால் ‘புதிய கம்ப்ரெசர் வேண்டாம்’ என்ற மொட்டை முடிவு நிற்கும். ஆறு மாதம் கழித்து விரிவாக்கத்துக்கு இரண்டு இயந்திரங்கள் வந்திறங்கும், காற்று போதாது, பழி தணிக்கையாளர் தலையில் விழும். ஒரு பக்கச் சுருக்கத்தில் பரிந்துரை தொலைவது அபூர்வம். அதன் நிபந்தனைதான் தொலைந்துபோகிறது. பணிவுக்காகப் போட்ட ‘படலாம்’ வேறு, முடிவின் எல்லையைச் சொல்லும் ‘மட்டுமே’ வேறு. முன்னதை வெட்டுங்கள். பின்னதைப் பரிந்துரைக்குப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள், பக்கத்தின் அடியில் தள்ளாதீர்கள்.

அடியில் தள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு 2003இல் கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரைப் பலிகொண்ட கொலம்பியா விண்ஓடம் சாட்சி. புறப்படும்போது நுரைத்துண்டு ஒன்று இறக்கையில் மோதியது. ஆபத்து எவ்வளவு என்று பொறியாளர்கள் தயாரித்த ஸ்லைடின் தலைப்பு நம்பிக்கை தரும் விதமாக இருந்தது. முன்பு சோதித்த துண்டைவிட மோதிய துண்டு 600 மடங்குக்கும் மேல் பெரியது என்ற தகவல் அதே ஸ்லைடின் கடைசி வரியில் கிடந்தது. விபத்தை ஆராய்ந்த குழு அந்த ஸ்லைடைத் தன் அறிக்கையில் எடுத்துக்காட்டிக் குறை சொன்னது. எண் இருந்தது, இடம்தான் தவறு.

பக்கம் தயாரானதும், தணிக்கையில் சம்பந்தமில்லாத ஒருவரிடம், கணக்குப் பிரிவிலிருந்து யாரிடமாவது கொடுத்து ஒரு நிமிடத்தில் திரும்ப வாங்கிவிடுங்கள். எதற்கு ஒப்புதல் கேட்கிறார்கள், எப்போது இது செல்லாது என்று இரண்டு கேள்வி கேளுங்கள். முதலாவதுக்குத் தடுமாறினால் பரிந்துரை இன்னும் மேலே வர வேண்டும். இரண்டாவதுக்குத் தடுமாறினால் நிபந்தனை எங்கோ ஒளிந்திருக்கிறது.

பிறகு 42, 6, 28, 18 என்று ஒவ்வோர் எண்ணையும் முழு அறிக்கையோடு ஒத்துப் பார்த்து, பக்கத்தில் அதன் பக்க எண்ணைக் குறித்துவிடுங்கள். இயக்குநர் சந்தேகப்பட்டால் புரட்டிப் பார்க்க அந்த 90 பக்கமும் அங்கேயேதான் இருக்கிறது.