லாரி வந்தது சரி, தண்ணி எவ்வளவு வந்தது?

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் அபார்ட்மென்ட்ல இருக்கிறவங்களுக்கு மே மாசம்னா தண்ணி லாரிதான். எங்க அசோசியேஷன்ல லாரிக் கணக்கு நோட்டைப் பார்த்துக்கிறது என் வேலை. நோட்டுல முன்னாடி தேதி, லாரி நம்பர், "1 லோடு", வாட்ச்மேன் கையெழுத்து, அவ்வளவுதான் இருக்கும். ஆனா லோடுங்கிறது லிட்டர் இல்லைங்க. டேங்க்ல 12,000னு பெயின்ட் அடிச்சிருக்கும். அது டேங்க்கோட கொள்ளளவு, நம்ம சம்ப்ல இறங்கின தண்ணி இல்லை. அவசரத்துல முழுசா நிரப்பாம வரலாம். லாரி சரிவுல நின்னா அடியில கொஞ்சம் தங்கியும் போகலாம்.

அதனால சம்பையே அளவுபாத்திரம் ஆக்கிட்டோம். எங்க சம்ப் உள்பக்கம் 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். அப்போ தண்ணி 1 சென்டிமீட்டர் ஏறினா 200 லிட்டர். 12,000 லிட்டர் இறங்கினா 60 சென்டிமீட்டர் ஏறணும். சென்டிமீட்டர் குறிச்ச ஒரு குச்சி போதும். லாரி திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு அளவு, இறக்கி முடிச்சு அலை அடங்கின பிறகு ஒரு அளவு. ரெண்டையும் நேரத்தோட நோட்டுல எழுதணும்.

இதுல ஒரு விஷயம் முக்கியம். இறக்குற நேரத்துல மேல்தொட்டி மோட்டார் ஓடக்கூடாது. ஓடினா தண்ணி குறைவாத் தெரியும், பாவம், சப்ளையர் தலையில விழும். போர் தண்ணி சம்புக்கு வந்துக்கிட்டிருந்தா அதையும் அடைக்கணும், இல்லைன்னா நமக்கு நஷ்டம். குச்சியைப் படிக்கிறதுல ஒரு சென்டிமீட்டர் முன்னப்பின்ன ஆகும். அதனால 2 சென்டிமீட்டர் வரைக்கும் குறைஞ்சா முழு லோடாவே எடுத்துக்கிறோம்.

ஒரு மாசக் கணக்கைப் பாருங்க. லோடு 1,800 ரூபாய், அதாவது லிட்டருக்கு 15 பைசா. சப்ளையர் பில்லுல 40 ட்ரிப், 72,000 ரூபாய். நோட்டுல 38 தான். மிச்சம் ரெண்டு ரசீதுக்கும் சம்ப் அளவே இல்லை. ரெண்டுலயும் இருந்த லாரி அதே சாயங்காலம் இருபது நிமிஷம் முன்னாடிதான் வந்து இறக்கிட்டுப் போயிருக்கு. இறக்கவே கால் மணி நேரம் ஆகும், அதுக்குள்ள எங்க போய் நிரப்பிட்டு வர்றது?

38-ல 30 லோடு முழுசு: 54,000 ரூபாய். மிச்சம் 8 லோடுல தண்ணி 54 சென்டிமீட்டர்தான் ஏறியிருந்தது, அதாவது 10,800 லிட்டர். லோடுக்கு 1,620 வீதம் 12,960. மொத்தம் 66,960. முன்பணம் 20,000 போக, கொடுக்க வேண்டியது 46,960 ரூபாய்.

சப்ளையர் நேர்ல வந்தார். அந்த ரெண்டு ட்ரிப்பை உடனே அடிச்சிட்டார். குறைஞ்ச லோடுக்குத்தான் கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. நோட்டுல எட்டு லோடும் ஒரே லாரி நம்பர்னு பார்த்ததும் அவரே அமைதி ஆயிட்டார். இப்போ டிரைவரும் குச்சியை எட்டிப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடுறார்.