மூன்று பிரிவுகளும் ஒரே கூட்டுத்தொகையும்

ஒரு கம்பெனி ஓராண்டில் இருபது லட்ச ரூபாய் லாபம் ஈட்டியிருக்கின்றது. ஆயினும் அவ்வாண்டின் முடிவில் அதன் ரொக்கக் கையிருப்பு ஆறு லட்சம் குறைந்திருக்கின்றது. இஃது எங்ஙனம் இயலும் என்னும் கேள்விக்கு விடை கூறுவதே ரொக்க ஓட்ட அறிக்கை. ரொக்கம் என்று இங்கே குறிப்பது கையில் உள்ள பணத்தை மட்டுமன்று. வங்கியில் வேண்டும்போது எடுக்கக்கூடிய பணமும் அதனுள் அடங்கும். அவ்வறிக்கை வந்த பணத்தையும் சென்ற பணத்தையும் மூன்று பிரிவுகளாகப் பகுத்துக் காட்டும். அன்றாடத் தொழிலால் வந்து செல்வது இயக்க நடவடிக்கை. நெடுநாள் பயன்படும் சொத்துகளை வாங்குவதும் விற்பதும் முதலீட்டு நடவடிக்கை. பங்குதாரரிடமிருந்தும் கடன் கொடுத்தோரிடமிருந்தும் பணம் பெறுவதும், அவர்களுக்குத் திருப்பித் தருவதும் நிதி நடவடிக்கை.

இப்பாகுபாட்டை விளக்க, நான் மாணவர்களுக்குப் பாடம் சொல்லும்போது பயன்படுத்தும் கையேட்டிலிருந்து ஒரு மாதிரிக் கம்பெனியை எடுத்துக்கொள்கின்றேன். அது தண்ணீர் இறைக்கும் பம்புகளைச் செய்து விற்பது. ஆண்டுத் தொடக்கத்தில் அதன் ரொக்கம் 12 லட்சம். முடிவில் 6 லட்சம். வரி போக நிகர லாபம் 20 லட்சம். வரி முழுவதும் அவ்வாண்டிற்குள்ளேயே செலுத்தப்பட்டுவிட்டது. இனி நான் கூறும் தொகைகள் யாவும் லட்சக் கணக்கில் என்று கொள்ளுங்கள்.

முதலில் இயக்க நடவடிக்கையைக் காண்போம். லாபம் 20 என்பதிலிருந்து தொடங்குகின்றோம். லாபத்தைக் கணக்கிடும்போது தேய்மானமாக 8 கழிக்கப்பட்டிருக்கின்றது. இயந்திரத்திற்கான பணம் அதை வாங்கிய நாளிலேயே சென்றுவிட்டது. இவ்வாண்டில் தேய்மானத்தின் பெயரால் எவருக்கும் ஒரு காசும் கொடுக்கப்படவில்லை. ஆகவே அந்த எட்டையும் திரும்பக் கூட்டுகின்றோம். அடுத்து, பழைய கடைசல் இயந்திரம் ஒன்றைக் கம்பெனி விற்றிருக்கின்றது. ஏட்டில் அதன் மதிப்பு 3. விற்று வந்த பணம் 5. இந்த 2 லாபத்தில் சேர்ந்திருக்கின்றது. பம்பு விற்பது இக்கம்பெனியின் தொழில். இயந்திரம் விற்பது அன்று. எனவே அந்த இரண்டை இங்கிருந்து கழித்துவிடுகின்றோம். வங்கிக் கடனுக்குக் கொடுத்த வட்டி 5, நிதி நடவடிக்கையிற் சேரவேண்டியது. லாபத்திலிருந்து கழிக்கப்பட்ட அதனையும் திரும்பக் கூட்டுகின்றோம். இப்பொழுது நம்மிடம் இருப்பது 31.

இம்முப்பத்தொன்றும் பணமாக வந்துவிட்டதா? இல்லை. கடனுக்கு விற்ற பம்புகளின் விலை லாபத்திற் சேர்ந்துவிட்டது; ஆனால் கடனாளிகள் தரவேண்டிய பாக்கி ஆண்டுக்குள் 14 கூடியிருக்கின்றது. விற்காமல் கிடங்கிற் கிடக்கும் சரக்கின் மதிப்பும் 9 கூடியிருக்கின்றது; அதிலும் பணம் முடங்கிக் கிடக்கின்றது. மறுபுறம், கச்சாப்பொருள் தந்தவர்களுக்குக் கம்பெனி கொடுக்கவேண்டிய பாக்கி 4 கூடியிருக்கின்றது. அஃது இன்னும் வெளியே செல்லாத பணம். ஆகவே 31-இலிருந்து 14-ஐயும் 9-ஐயும் கழித்து, 4-ஐக் கூட்டினால் 12 கிடைக்கும். இருபது லட்சம் லாபம் கண்ட தொழில் உண்மையில் ஈன்ற ரொக்கம் 12 லட்சமே.

இரண்டாவது, முதலீட்டு நடவடிக்கை. புதிய இயந்திரங்களுக்காகச் சென்றது 40. பழைய இயந்திரத்தை விற்று வந்தது 5. இங்கே எழுதவேண்டியது ஏட்டு மதிப்பாகிய மூன்றுமன்று, லாபமாகிய இரண்டுமன்று. கைக்கு வந்த ஐந்து முழுவதுமே. நிகரமாக 35 வெளியே சென்றிருக்கின்றது. கம்பெனி 10 மதிப்புள்ள நிலம் ஒன்றையும் பெற்றிருக்கின்றது. ஆனால் விலைக்கு ஈடாக நிலத்தின் சொந்தக்காரருக்குத் தன் பங்குகளையே கொடுத்துவிட்டது. சொத்து கூடியது, பங்கு முதலும் கூடியது, ரொக்கமோ அசையவில்லை. அசையாத பணத்திற்கு இவ்வறிக்கையில் இடமில்லை. குறிப்பாகத் தனியே தெரிவித்தல் போதும்.

மூன்றாவது, நிதி நடவடிக்கை. வங்கியிற் புதிதாகப் பெற்ற கடன் 30. பழைய கடனில் திருப்பிச் செலுத்தியது 4. வட்டி 5. பங்குதாரர்களுக்குக் கொடுத்த ஈவுத்தொகை 4. நிகரமாக உள்ளே வந்தது 17.

இப்பொழுது மூன்றையும் கூட்டுவோம். இயக்கத்தால் வந்தது 12. முதலீட்டால் சென்றது 35. நிதியால் வந்தது 17. ஆக, குறைவு 6. தொடக்கத்தில் இருந்த 12-இலிருந்து ஆறு போனால் முடிவில் ஆறு. கணக்கு நேராகிவிட்டது.

கணக்கு நேரானவுடன் பேனாவை மூடிவிடும் வழக்கம் மாணவர்களிடையே உண்டு. இவ்விடத்திலேதான் நாம் சற்று நின்று எண்ணவேண்டும். இயந்திரம் விற்ற லாபமாகிய இரண்டை நீக்க மறந்தீர்களாயின், அஃது இருமுறை எண்ணப்பட்டு, குறைவு 6 என்பதற்குப் பதிலாக 4 என்று வரும். ஐந்தொகை காட்டும் கையிருப்போடு அது பொருந்தாது. பிழை உடனே வெளிப்படும். ஆனால் ஒரு தொகையை விடாமலும் இருமுறை எண்ணாமலும், வேறொரு பிரிவில் வைத்துவிட்டால் என்ன நிகழும்? வட்டியாகிய ஐந்தை இயக்கத்திலேயே விட்டுவிடுங்கள். இயக்கம் 7 ஆகும். நிதி 22 ஆகும். மொத்தமோ அதே ஆறு குறைவு. கூட்டுத்தொகை பிரிவினையின் பிழையைக் காட்டிக்கொடுப்பதில்லை. விடுபட்டதை அது காட்டும். இடம் மாறியதைக் காட்டாது.

ஆதலால் ஒவ்வொரு தொகையின் இடத்தையும் அதன் தன்மையைக் கொண்டே தீர்மானித்தல் வேண்டும். பொருளின் பெயரைக் கொண்டு தீர்மானித்தலும் ஆகாது. நம் பம்புக் கம்பெனிக்குக் கடைசல் இயந்திரம் வாங்குவது முதலீடு. இயந்திரங்களையே வாங்கி விற்கும் வணிகருக்கு அதே கடைசல் இயந்திரம் சரக்கு. ஆகவே அவருக்கு அஃது இயக்கம். கடன் கொடுப்பது வங்கிக்கு அன்றாடத் தொழில், நமக்கு அன்று.

வட்டியின் இடமோ நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது. வங்கி போன்ற நிதி நிறுவனங்கள் அல்லாத கம்பெனிகள் கொடுத்த வட்டியை நிதிப் பிரிவில் வைக்கும்படி இந்தியக் கணக்கியல் தரநிலை 3 கூறுகின்றது. நான் மேலே செய்தது அவ்வாறே. அமெரிக்காவில் 1987-ஆம் ஆண்டு வெளியான விதியோ அதனை இயக்கத்தில் வைத்தது. சர்வதேசத் தரநிலை நெடுங்காலம் கம்பெனிகளின் விருப்பத்திற்கு இடம் கொடுத்தது. 2024 ஏப்ரலில் வெளியிடப்பட்ட ஐ.எஃப்.ஆர்.எஸ். 18 என்னும் புதிய தரநிலை, 2027 ஜனவரி முதல் நாளிலும் அதன் பின்னரும் தொடங்கும் கணக்காண்டுகளில், பெரும்பாலான கம்பெனிகளுக்கு அவ்விருப்பத்தை நீக்கி, கொடுத்த வட்டியை நிதிப் பிரிவிலேயே வைக்கச் சொல்கின்றது. எனவே இரு கம்பெனிகளின் இயக்க ரொக்கத்தை ஒப்பிடுமுன், இரண்டிலும் வட்டி ஒரே இடத்தில் இருக்கின்றதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் நம் கம்பெனியின் 12-ஐ மற்றொன்றின் 7-உடன் ஒப்பிட்டு, இல்லாத வேற்றுமையை இருப்பதாகக் கருதிவிடுவோம்.

விதியின் வேறுபாட்டால் இடம் மாறுவது ஒன்று. வேண்டுமென்றே இடம் மாற்றுவது மற்றொன்று. நம் கம்பெனி இயந்திரங்களைப் பழுதுபார்க்க 6 செலவிட்டது என்றும், அதைச் செலவாக எழுதாமல் புதிய இயந்திரம் வாங்கியதாக ஏட்டில் எழுதிவிட்டது என்றும் வைத்துக்கொள்வோம். வரியையும் கூடுதல் தேய்மானத்தையும் எளிமைக்காக விட்டுவிடுவோம். லாபம் 20 என்பது 26 ஆகும். இயக்க ரொக்கம் 12 என்பது 18 ஆகும். முதலீட்டிற் சென்றது 35 என்பது 41 ஆகும். மொத்தம் அதே ஆறு குறைவு; வங்கிக் கணக்கும் முற்றிலும் ஒத்துப்போகும். தொழில் மட்டும் செழிப்பதாகத் தோன்றும்.

இஃது ஏட்டளவிலான கற்பனையன்று. அமெரிக்காவின் பெரிய தொலைபேசிக் கம்பெனிகளுள் ஒன்றாகிய வேர்ல்டுகாம், பிற கம்பெனிகளின் கம்பிகளைப் பயன்படுத்தியதற்காகக் கொடுத்துவந்த கட்டணத்தைச் செலவாக எழுதாமல் சொத்தாக எழுதியது. அக்கம்பெனியின் உட்தணிக்கைப் பிரிவினர், சிந்தியா கூப்பர் என்னும் அம்மையாரின் தலைமையில் இதனைக் கண்டறிந்தனர். 2001-ஆம் ஆண்டிலும் 2002-இன் முதற் காலாண்டிலும் இவ்வாறு இடம் மாறிய தொகை ஏறத்தாழ 380 கோடி டாலர் என்று 2002 ஜூன் 25-ஆம் நாள் கம்பெனியே அறிவித்தது. லாபமும் இயக்க ரொக்கமும் ஒருங்கே பெருகிக் காட்டிய அந்த ஏடுகள், சென்ற பணத்தை மறைக்கவில்லை. அது சென்ற இடத்தின் பெயரையே மாற்றின. அடுத்த மாதமே கம்பெனி திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது.

வெளியிலிருந்து அறிக்கையைப் படிக்கும் ஒருவர் இதனை எவ்வாறு ஐயுறலாம்? இயக்க ரொக்கத்திலிருந்து புதிய சொத்துகளுக்குச் சென்ற தொகையைக் கழித்துப் பாருங்கள். நம் கம்பெனியில் உண்மைக் கணக்கின்படி 12-இலிருந்து 40 போனால் 28 பற்றாக்குறை. மாற்றி எழுதிய கணக்கின்படி 18-இலிருந்து 46 போனாலும் அதே 28 பற்றாக்குறை. இயக்கத்திற்கும் சொத்து வாங்குதற்கும் இடையே தொகையை எப்படி மாற்றினாலும் இவ்வெண் அசையாது. இயக்க ரொக்கம் உயர்ந்துகொண்டே செல்ல, இவ்வெண் மட்டும் உயராது நின்றால் காரணத்தைத் தேடவேண்டும். இயந்திரங்கள் பழையனவாகியும் பழுதுபார்க்கும் செலவு குறைந்திருக்கின்றதா, சொத்து பெருகியும் உற்பத்தித் திறன் பெருகவில்லையா என்பவை அடுத்த கேள்விகள். புதிய தொழிற்சாலையை நேர்மையாகக் கட்டும் கம்பெனியிலும் இதே பற்றாக்குறை தோன்றும். ஆகவே இஃது ஐயத்திற்கு வழியேயன்றித் தீர்ப்பன்று. தீர்ப்பு, செலவுச் சீட்டுகளைக் கையில் எடுத்துப் பார்ப்பவரிடமே இருக்கின்றது.

கையேட்டுக் கணக்கை மீண்டும் செய்யும் மாணவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே. ஒவ்வொரு தொகையின் அருகிலும் அது யாரிடமிருந்து வந்தது அல்லது யாருக்குச் சென்றது, எதன் பொருட்டு என்று ஒரு வரி எழுதுங்கள். நாற்பது லட்சத்திற்கு எதிரே, 'இயந்திரம் விற்றவருக்கு, பல ஆண்டு உழைக்கும் இயந்திரத்தின் பொருட்டு' என்று எழுதலாம். தேய்மானம் எட்டுக்கு எதிரே எவர் பெயரையும் எழுத இயலாது. அதனால்தான் அது திரும்பக் கூட்டப்படுகின்றது. பழுதுபார்த்த ஆறு லட்சத்திற்கு எதிரே, 'பழுது நீக்கிய தொழிலாளருக்கு, இவ்வாண்டு இயந்திரம் ஓடுதற்பொருட்டு' என்று எழுதியவர், அதனை முதலீட்டுப் பிரிவில் வைக்க மனம் ஒப்பார்.